வில்லங்கம் பெயரிலேயே இருக்கிறது

2023 ஆரம்பத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என் மைத்துனன் போன் செய்தான்.

''மச்சான், ராமேஸ்வரத்துல ஒரு மனை பார்த்திருக்கேன். அஞ்சு சென்ட். மொட்டை மாடியில நின்னா மலை தெரியும். ஹில் வியூன்னுதான் பேரே வெச்சிருக்காங்க.''

ராமேஸ்வரத்தில் மலையா என்று கேட்காதீர்கள். நானும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

நான் பி.காம். படித்தவன். பத்திரிகைக்கு வந்து இருபது வருஷம் ஆனாலும், சொந்தத்தில் யார் வீட்டில் பத்திரம் என்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். கணக்குப் படித்தவன் காகிதம் படிப்பான் என்று ஒரு நம்பிக்கை. அன்றும் அப்படித்தான். முப்பது வருஷத்துக்கு வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தேன். பட்டா பார்த்தேன். கைமாறிய பத்திரங்களை வரிசையாக அடுக்கிப் பார்த்தேன். விற்றவர், வாங்கியவர், வாரிசு எல்லாம் பற்று வரவு மாதிரி நேராக இருந்தது. ''வில்லங்கம் எதுவும் இல்ல மாப்ள, தாராளமா வாங்கு'' என்று சொல்லிவிட்டேன். அவன் ஐம்பதாயிரம் அட்வான்ஸ் கொடுத்தான்.

அன்று சாயங்காலம் அவனுடைய அப்பத்தா திண்ணையில் உட்கார்ந்திருந்தார். எண்பதைத் தாண்டிய வயது. கண் மங்கல், காது மட்டும் பாம்புச் செவி. ''எந்த இடம்ப்பு?'' என்று கேட்டார். அடையாளம் சொன்னோம். இன்னார் கடையைத் தாண்டி, இன்னார் தோப்புக்குப் பின்னால்...

''அது பள்ளத்தோப்புல்ல? அங்க எவனாவது வீடு கட்டுவானா? ஐப்பசி கார்த்திகையில ஆடு கூட நிக்காது.''

எங்கள் காகிதங்களில் பள்ளத்தோப்பு என்ற பெயரே இல்லை. எனக்குச் சுருக்கென்றது. மறுநாள் மூலப்பத்திரத்தின் நகலைத் தேடி எடுத்தேன். மங்கிய எழுத்து. அதன் கடைசிப் பக்கத்தில் சொத்து விவரம். நான்கு மால் எழுதியிருந்தார்கள். 'மால்' என்றால் எல்லை. அதில் ஒரு மால்: 'ஓடைக்கு வடக்கு'.

பத்திர மொழி பழகாதவர்களுக்கு ஒரு வார்த்தை. 'ஓடைக்கு வடக்கு' என்றால் ஓடை வடக்கே இருக்கிறது என்று அர்த்தம் இல்லை. ஓடைக்கு வடக்கே இந்த நிலம் இருக்கிறது. அதாவது, நிலத்தின் தெற்கு எல்லையில் ஓடை ஓடுகிறது. பிறகு வந்த பத்திரங்களில் நிலம் மனைகளாகப் பிரிந்ததும் அந்த மால் மாறிவிட்டது. 'மனை எண் இத்தனைக்கு வடக்கு, இருபதடி ரோட்டுக்குக் கிழக்கு' என்று ஆகிவிட்டது. காகிதத்தில் ஓடை செத்துப்போய்விட்டது. பள்ளத்தோப்பு என்ற பெயரும் அதோடு போய்விட்டது. முப்பது வருஷ வில்லங்கத்தை மட்டும் பார்த்த எனக்கு, அதற்கு முன்னால் பெயரிலேயே இருந்த வில்லங்கம் தெரியவில்லை.

மைத்துனன் மனையை விட்டுவிட்டான். அட்வான்ஸ் திரும்பி வரவில்லை. ''ஒரு கிழவி பேச்சைக் கேட்டு ஐம்பதாயிரம் போச்சு'' என்று ஒன்றரை வருஷம் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

நான் சும்மா இருக்கவில்லை. எங்கள் ராமநாதபுரம் சீமையில் மலைக்கும் ஆற்றுக்கும் மேட்டுக்கும் பள்ளத்துக்கும் என்னென்ன பெயர் இருக்கிறது, அவை என்ன சொல்கின்றன என்று கேட்டுத் திரிய ஆரம்பித்தேன். அதைத்தான் இந்த வாரம் உங்களிடம் சொல்லப் போகிறேன்.

முதலில் அந்த 'ஹில்'.

ராமேஸ்வரம் கோயிலிலிருந்து வடக்கே சில கிலோமீட்டரில் கந்தமாதன பர்வதம் இருக்கிறது. நீங்கள் போயிருப்பீர்கள். ராமர் பாதம் என்று சொல்லி ஆட்டோக்காரர் கூட்டிப் போயிருப்பார். பெயரைக் கேளுங்கள்: கந்தம் என்றால் வாசனை, மாதனம் என்றால் மயக்குவது, பர்வதம் என்றால் மலை. வாசனையால் மயக்கும் மலை. புராணங்களில் இந்தப் பெயருடைய மலை இமயத்துப் பக்கம் இருக்கிறது. இங்கே இருப்பது ஒரு மணல் மேடு. அதன்மேல் இரண்டடுக்கு மண்டபம். படியேறினால் மூச்சு வாங்குவதற்குள் உச்சி வந்துவிடும். கொடைக்கானலிலிருந்து வந்த என் நண்பர் ஒருவர் மேலே நின்று சுற்றிப் பார்த்துவிட்டு, ''சரி, மலை எங்கே?'' என்று கேட்டார்.

அவர் சிரித்தார். நான் சிரிக்க மாட்டேன். ஏனென்றால், தீவிலேயே உயரமான இடம் அதுதான். அங்கே நின்றால் நாலு பக்கமும் கடல் தெரியும். ஒன்றுமே உயராத தரையில், உயர்ந்த ஒரே மேட்டுக்கு மலையின் மரியாதை கிடைத்துவிட்டது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். 'கந்தமாதனம்' என்ற பெயரை வைத்துக்கொண்டு இந்த இடத்தின் மண்ணைப் பற்றி உங்களால் எதுவும் சொல்ல முடியாது. பாறையா, மணலா, காடா, எதுவும் தெரியாது. அது சொல்வது ஒரு கதையை. அந்தக் கதையை நம்பி வந்தவர்களைப் பற்றி வேண்டுமானால் நிறையச் சொல்லும்.

இதைக் கதைப் பெயர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பள்ளத்தோப்பு மாதிரி இருப்பதை மண் பெயர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கணக்கு எழுதுகிறவன் பாஷையில் சொன்னால், மண் பெயர் என்பது கையெழுத்துப் போட்ட வவுச்சர். அங்கே நடந்து, கால் புதைந்து, ஆடு மேய்த்து, வலை கிழிந்து, பிறகு எழுதிக் கொடுத்தது.

மேட்டுக்கு நம் ஆட்கள் எத்தனை வவுச்சர் எழுதி வைத்திருக்கிறார்கள் பாருங்கள். ஓங்கி நின்றால் மலை. அதைவிடச் சின்னது குன்று. மதுரை, தேனிப் பக்கம் மரமில்லாமல் கல்லும் முள்ளுமாகக் கிடந்தால் கரடு. திருநெல்வேலிச் சீமையில் தனியாக நிற்கும் சின்னப் பாறைக்குன்று பொத்தை. தூத்துக்குடிப் பக்கம் காற்று குவித்த செம்மணல் மேடு தேரி. இப்படியே கிழக்கே கடலை நோக்கி வரவர உயரம் குறைந்துகொண்டே வரும். எங்கள் கரையில் மிஞ்சியது மேடும் திட்டும்தான்.

திட்டு என்றால் என்ன? தண்ணீருக்கு நடுவே தலை நீட்டும் மேடு. தனுஷ்கோடியில் அரிச்சல்முனையைத் தாண்டி இலங்கைப் பக்கம் கடலில் மணல் திட்டுகள் வரிசையாகக் கிடக்கின்றன. மீனவர்கள் அவற்றுக்குச் சாமி பெயர் வைக்கவில்லை. எண்ணி வைத்திருக்கிறார்கள். ஒன்றாம் திட்டு, இரண்டாம் திட்டு, மூன்றாம் திட்டு. 2022 மார்ச்சில் இலங்கையில் பால் பவுடருக்கும் மண்ணெண்ணெய்க்கும் ஜனங்கள் வரிசையில் நின்ற சமயம். குழந்தைகளோடு தப்பி வந்த ஒரு கூட்டத்தைப் படகுக்காரர்கள் ராத்திரியோடு ராத்திரியாக நான்காம் மணல் திட்டில் இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள். கரை வந்துவிட்டது என்று அவர்கள் நினைத்திருப்பார்கள். விடிந்து பார்த்தால் சுற்றிலும் கடல். கடலோரக் காவல் படை போய் மீட்டு வந்தது. 'நான்காம் திட்டு' என்ற ஒரு வார்த்தை இருந்ததால்தான் எங்கே தேடுவது என்று சொல்ல முடிந்தது. மேட்டின் உயரம் என்ன இருந்தால் என்ன, பெயர் சரியாக இருந்தால் ஒரு உயிரைக் கண்டுபிடிக்கலாம்.

இன்னொன்று. பாம்பனில் ஒரு வயசாளி மீனவரிடம், ''உங்க ஊர்ல மலையே இல்லையே ஐயா'' என்றேன். ''யாரு சொன்னா? எங்களுக்கும் மலை இருக்கு தம்பி. தண்ணிக்குள்ள இருக்கு'' என்றார். அவர் சொன்னது பார். கடலுக்கு அடியில் பாறையாகக் கிடக்கும் தரைக்கு இந்தக் கரை முழுக்க அதுதான் பெயர். மன்னார் வளைகுடாவில் முத்துச் சிப்பி விளைந்த இடங்களை முத்துப்பார் என்றுதான் சொல்வார்கள். பாரில் மீன் கூடும். அதே பாரில் வலை கிழியும். மேலே நின்று பார்க்கிறவன் கண்ணுக்குத் தெரியாத மலையை, வலை இழுக்கிறவன் கையால் தெரிந்துகொண்டு பெயர் வைத்திருக்கிறான். பார், பாறை: இரண்டு சொல்லையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உறவு தெரியும்.

அதே கடலில் இருக்கும் தீவுகளின் பெயரையும் கேளுங்கள். நல்லதண்ணித் தீவு, உப்புத்தண்ணித் தீவு. தாகத்தோடு படகில் போகிறவனுக்கு இதைவிடத் தெளிவான பெயர்ப் பலகை வேண்டுமா? காரியச்சல்லி, விலாங்குச்சல்லி என்று சில தீவுகள் 'சல்லி' என்று முடியும். சல்லி என்றால் உடைந்த சின்னக் கல். வீடு கட்டுகிறவர்களுக்குத் தெரியும். பவளப் பாறை உடைந்து குவிந்த சல்லியும் மணலும்தான் அந்தத் தீவுகளின் உடம்பு. பல வருஷம் அங்கே பவளப் பாறையை வெட்டி எடுத்தார்கள். விலாங்குச்சல்லி இன்று தண்ணீருக்குள் போய்விட்டது. காரியச்சல்லி தேய்ந்துகொண்டிருக்கிறது. எதனால் ஆன தீவு என்று பெயரே சொல்லிக்கொண்டிருந்தது. கேட்க வேண்டியவர்கள் கேட்கவில்லை.

இனி ஆற்றுக்கு வருவோம். இங்கேதான் நான் ஒரு தடவை நன்றாக மாட்டிக்கொண்டேன்.

இலக்கியக் கூட்டம் ஒன்றில் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். பெருமையாக ஒரு விளக்கம் சொன்னேன். 'ஆறு என்றால் பழந்தமிழில் வழி. ஆற்றுப்படை என்றால் வழி காட்டுவது. தண்ணீர் போகும் வழி என்பதால்தான் நதிக்கு ஆறு என்று பெயர் வைத்தான் தமிழன்.' கை தட்டல் பலமாக இருந்தது. கூட்டம் முடிந்ததும் ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் தனியாகக் கூப்பிட்டார்.

''தம்பி, நல்லாப் பேசினீங்க. ஆனா, நதிக்குப் பழைய சொல் ஆறு இல்ல. யாறு. யானை ஆனையாச்சு, யாடு ஆடாச்சு, யாமை ஆமையாச்சு. அதே மாதிரி யாறு ஆறாச்சு. வழியைக் குறிக்கிற ஆறு அப்பவே ஆறுதான். ரெண்டும் வேற வேற வீட்டுப் பிள்ளைங்க. பின்னால ஒரே சட்டை போட்டுக்கிட்டாங்க. அவ்வளவுதான்.''

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. ஆனால் அவர் ஒரு சாவியைக் கையில் கொடுத்தார். பெயருக்குப் பொருள் சொல்வதற்கு முன், அந்தப் பெயரின் பழைய உருவம் என்ன என்று கேள். பத்திரம் பார்க்கிறவன் மூலப்பத்திரம் கேட்பதில்லையா, அதுபோல.

அந்தச் சாவியை வைகைக்குப் போட்டுப் பார்ப்போம்.

மதுரைக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த கதை. மீனாட்சி கல்யாணத்தில் குண்டோதரன் என்ற பூதகணம் அண்டா அண்டாவாகச் சாப்பிட்டுவிட்டுத் தாகத்தால் தவித்தது. சிவபெருமான், ''வை கை'' என்றார். கையை வைத்த இடத்தில் ஆறு பெருகியது. அதனால் வைகை. அழகான கதை. நானும் என் மகளுக்குச் சொல்லியிருக்கிறேன்.

இப்போது மூலப்பத்திரம் கேளுங்கள். சங்க நூல்களில் இந்த ஆற்றின் பெயர் வையை. பரிபாடலில் இந்த ஆற்றின்மேல் பாடல்களே இருக்கின்றன. அங்கெல்லாம் வையைதான். 'கை' இல்லவே இல்லை. பெயரில் கையே இல்லாத காலத்தில் 'கையை வை' என்று எப்படிப் பெயர் வந்திருக்கும்? ஆக, பெயரிலிருந்து கதை வந்திருக்கிறது. கதையிலிருந்து பெயர் வரவில்லை. வையை வைகையாக மாறிய பிறகு, அந்தப் புது ஓசையைக் கேட்டு யாரோ ஒரு கற்பனைக்காரர் கை வைத்திருக்கிறார்.

கதையைக் கழித்துவிட்டால் வைகையிடம் கேட்க வேறு எதுவும் இல்லையா? இருக்கிறது. அதற்கு நீங்கள் மதுரையை விட்டுக் கிழக்கே வர வேண்டும். வருஷநாட்டு மலையில் பிறந்து 258 கிலோமீட்டர் வரும் இந்த ஆறு, ராமநாதபுரத்தில் பெரிய கண்மாயில் வந்து அடங்குகிறது. கடலுக்குப் போகாத நதி என்று மேடையில் சொல்வார்கள். அது முழு உண்மை இல்லை. பெரிய கண்மாய் நிறைந்து மறுகால் போனால், மிச்சத் தண்ணீர் கிழக்கே ஓடிப் பாக் நீரிணையில் கலக்கிறது. கலக்கிற இடத்தில் உச்சிப்புளிக்குப் பக்கத்தில் ஒரு கடலோர ஊர் இருக்கிறது. அந்த ஊரின் பெயர் என்ன தெரியுமா? ஆற்றங்கரை.

கோடையில் அங்கே போய் நின்றால், எந்த ஆற்றின் கரை என்று கேட்கத் தோன்றும். ஆனால் அந்தப் பெயரை வைத்தவன் இங்கே ஆறு வந்து கடலைத் தொட்டதைப் பார்த்தவன். ஆற்றுக்கு வைத்த பெயர் கதைக்குள் போய்விட்டது. கரையில் இருந்த ஊருக்கு வைத்த பெயர் சாட்சி சொல்லிக்கொண்டு நிற்கிறது. அதனால்தான், ஆற்றின் பெயரை மட்டும் கேட்காதீர்கள், அதைச் சுற்றி இருக்கும் சின்னப் பெயர்களையும் கேளுங்கள் என்கிறேன்.

அடுத்து குண்டாறு. திருமங்கலம், கமுதி வழியாக வந்து எங்கள் மாவட்டத்தின் தெற்குப் பக்கம் கடலில் சேர்கிற ஆறு. ''குண்டு வெடிச்ச ஆறா?'' என்று சென்னை நண்பர் ஒருவர் கேட்டார். குண்டு என்றால் பழைய தமிழில் ஆழம், பள்ளம். இன்றைக்கும் நீங்கள் அந்தப் பொருளில் சொல்கிறீர்கள், கவனித்ததில்லை. ''ரோடு குண்டும் குழியுமா இருக்கு'' என்கிறீர்களே, அந்தக் குண்டுதான்.

இங்கே இரண்டாவது சாவி: கூடப்பிறந்தவர்களைத் தேடுங்கள். ஒரு பெயர் ஒரே இடத்தில் இருந்தால் கதையாக இருக்கலாம். பல இடத்தில் இருந்தால் அது மண்ணைப் பார்த்து வைத்த பெயராக இருக்க வாய்ப்பு அதிகம். செங்கோட்டைப் பக்கம் இன்னொரு குண்டாறு இருக்கிறது. கல்லாறு என்ற பெயரில் எத்தனை ஆறு! உப்பாறு எத்தனை! எல்லா உப்பாறும் கடலை ஒட்டி உப்புத் தண்ணீர் ஏறுகிற இடத்தில்தான் இருக்க வேண்டும் என்று நினைக்காதீர்கள். போய்ப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். ஆனால், அந்தப் பெயர் உங்களை எங்கே பார்க்கச் சொல்கிறது என்பது முக்கியம்: தண்ணீரை வாயில் விட்டுப் பார் என்கிறது.

தனுஷ்கோடிக்கும் இதே சாவி பொருந்தும். ராமர் வில்லின் நுனியால் அணையை உடைத்தார் என்பது கதை. தனுசு கதையைச் சேர்ந்தது. கோடி? தெருக்கோடி என்கிறோமே, அந்தக் கோடி. நுனி, கடைசி. வடக்கே கடல் தாண்டி நாகப்பட்டினம் மாவட்டத்தில் கோடியக்கரை இருக்கிறது. வரைபடத்தில் இரண்டையும் பாருங்கள். இரண்டும் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் நிலத்தின் முனை. ஒரே பெயரின் முதல் பாதியில் கதையும் இரண்டாம் பாதியில் மண்ணும் இருக்கலாம். பெரும்பாலும் தமிழ்ப் பெயரில் கடைசிச் சொல்தான் மண்ணைச் சொல்லும். ஆறு, ஓடை, மேடு, பள்ளம், திட்டு, பார், கோடி, முனை என்று வால் பகுதியைப் பிடியுங்கள்.

மூன்றாவது வகை ஒன்றும் உண்டு. ஆசைப் பெயர். கமுதிப் பக்கம் குண்டாற்றிலிருந்து பிரியும் கால்வாய்க்கு ரகுநாத காவிரி என்று பெயர். ரகுநாத என்பது சேதுபதி மன்னர்கள் வைத்துக்கொண்ட பெயர். காவிரிக்கும் கமுதிக்கும் என்ன சம்பந்தம்? தண்ணீர்ச் சம்பந்தம் எதுவும் இல்லை. வருஷத்தில் பாதி நாள் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் சீமையில் ஒரு வாய்க்கால் வெட்டி, அதற்குக் காவிரி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஏழை வீட்டுப் பெண்ணுக்கு ராஜேஸ்வரி என்று பெயர் வைக்கிற மனசு. இந்தப் பெயரை வைத்துத் தண்ணீர் அளவைக் கணக்குப் போட்டால் ஏமாந்து போவீர்கள். எதற்கு ஏங்கினார்கள் என்று கணக்குப் போட்டால் சரியாக வரும்.

மண் பெயர் மட்டும் ஏமாற்றாதா என்றால், அதுவும் ஏமாற்றும். ஓடையைத் திருப்பிவிட்டிருப்பார்கள். பள்ளத்தை நிரப்பியிருப்பார்கள். பள்ளத்தோப்பு என்று எழுதியிருப்பதால் மட்டும் இன்றும் அது பள்ளம் என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. பெயர் ஒரு சாட்சி, அவ்வளவுதான். சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய வேண்டும். தாலுகா அலுவலகத்தில் புல வரைபடம் வாங்கிப் பார்த்தால், ஓடை போன கோடு அதில் இருக்கும். மழைக்காலத்தில் போய் நின்று, பக்கத்து வீட்டுச் சுவரில் தண்ணீர்க் கறை எந்த உயரத்தில் இருக்கிறது என்று பார்க்கலாம். எங்கள் தீவில் இன்னொரு அடையாளமும் உண்டு. மணல் மேட்டுக்கும் மணல் மேட்டுக்கும் நடுவே இருக்கும் தாழ்வில்தான் மழைத் தண்ணீர் தங்கும். நடந்து போனாலே காலுக்கு இறக்கம் தெரியும். மேலே மண்ணைக் கொட்டி நிரவியிருந்தால் தெரியாது. அப்போதுதான் பழைய பெயர் தேவைப்படும்.

2024 நவம்பர் 20-ம் தேதி அது தேவைப்பட்டது.

அன்றைய மழை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ராமேஸ்வரத்தில் அந்த ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. தங்கச்சிமடம், பாம்பன் எல்லாம் தண்ணீர். தெருவில் படகு விடலாம் போல இருந்தது. இரண்டு நாள் கழித்து மைத்துனன் போன் செய்தான். ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு அவனாகச் செய்த முதல் போன்.

''மச்சான், அந்த ஹில் வியூவைப் போய்ப் பார்த்தேன்.''

''என்ன ஆச்சு மாப்ள?''

''எனக்குக் காட்டின மனையில இடுப்பளவு தண்ணி. பக்கத்து மனையில வீடு கட்டிக் குடி வந்து எட்டு மாசம் ஆன குடும்பம், பாத்திரத்தை எல்லாம் மாடியில ஏத்திட்டு நிக்கிறாங்க. அங்க நின்னு பார்த்தா, மலை நல்லாத் தெரியுது மச்சான்.''

அவன் ஜெயித்த குரலில் சொல்லவில்லை. எனக்கும் சந்தோஷமாக இல்லை. அந்தக் குடும்பத்தின் அப்பத்தா யாரும் பக்கத்தில் இல்லை, அதுதான் வித்தியாசம். அவர்கள் வெளியூர்க்காரர்கள். என்னைப் போல ஒரு காகிதம் படிக்கிறவனை நம்பி வாங்கியிருப்பார்கள். அவனும் வில்லங்கம் இல்லை என்றுதான் சொல்லியிருப்பான். பொய்யும் சொல்லியிருக்க மாட்டான். காகிதத்தில் இல்லைதான்.

பெயரை மாற்றுவது குற்றம் இல்லை. பள்ளத்தோப்பு என்று விளம்பரம் கொடுத்தால் யார் வாங்குவார்கள்? ஆனால், ஒரு பெயரை அழிக்கும்போது அதற்குள் இருக்கும் எச்சரிக்கையும் அழிகிறது. அதற்குப் பதிலாக வைத்த பெயரில், அந்த மண்ணைப் பற்றி ஒரு வார்த்தை கூட இல்லை. எங்கோ தூரத்தில் தெரியும் மணல் மேட்டைப் பற்றித்தான் இருக்கிறது. அந்த மேடோ இமயத்திலிருந்து பெயரைக் கடன் வாங்கியது. கடன் வாங்கியவனிடம் கடன் வாங்கிய பெயர்.

நீங்கள் எந்த ஊர்க்காரராகவும் இருக்கலாம். உங்கள் வீடு இருக்கும் இடத்துக்கு, நகர் என்றும் காலனி என்றும் ஆவதற்கு முன்னால் ஒரு பெயர் இருந்திருக்கும். அதைத் தெரிந்துகொள்ள மூலப்பத்திரத்தின் கடைசிப் பக்கத்தைப் புரட்டுங்கள். நான்கு மாலையும் படியுங்கள். ஓடை, வாய்க்கால், கால், பள்ளம், மேடு என்று எது கண்ணில் பட்டாலும் பென்சிலால் கோடு போடுங்கள். பத்திரத்தில் இல்லையென்றால், அந்தப் பக்கம் ஆடு மேய்த்த யாராவது ஒருவர் இருப்பார். அவரைக் கேளுங்கள். அவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள் என்பதால் சீக்கிரம் கேளுங்கள்.

அப்பத்தா போன பங்குனியில் போய்ச் சேர்ந்தார். அதற்குச் சில மாதம் முன்னால்தான் மைத்துனன் வேறொரு இடம் வாங்கினான். வாங்குவதற்கு முன் அவரைக் காரில் உட்கார வைத்துக் கூட்டிப் போய்க் காட்டினான். கண் தெரியாதவர் கதவைத் திறக்கச் சொல்லி, குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்து விரலால் உரசிப் பார்த்தார். பக்கத்தில் பனை இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றான். ''மேட்டுக்காடு'' என்றார்.

பத்திரம் எழுதும் நாளில் நானும் போயிருந்தேன். சர்வே எண், மனை எண், சதுர அடி எல்லாம் டைப் ஆகி முடிந்தது. மைத்துனன் குனிந்து, ''அண்ணே, அந்த இடத்துக்குப் பழைய பேரு மேட்டுக்காடு. அதையும் சேர்த்துடுங்க'' என்றான்.

''பேரெல்லாம் இப்ப யாரும் போடுறதில்லையே சார், சர்வே நம்பர் போதுமே'' என்றார் பத்திரம் எழுதுகிறவர்.

''போடுங்கண்ணே. எம் பேரனுக்கு வேணும்.''

அவனுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. பத்திரம் எழுதுகிறவர் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, சர்வே எண்ணுக்கு முன்னால் ஒரு இடம் விட்டு, அந்தப் பெயரைத் தட்ட ஆரம்பித்தார்.